கொடுத்தல் வினையில் வாங்குபவருக்கு எப்போதும் ‘கு’ தானா?

கேள்வி: “தமிழில் ‘அவளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்’ என்கிறோம். இப்போது ஜெர்மன் படிக்கிறேன், அங்கேயும் வாங்குபவருக்கு டேட்டிவ். அப்படியானால் எல்லா மொழியிலும் வாங்குபவருக்கு நான்காம் வேற்றுமைதானா? ஆங்கிலத்தில் ‘ஐ கேவ் ஹெர் எ புக்’ என்றால் ‘ஹெர்’ எந்த வேற்றுமை? உருபே இல்லாத மொழிகளில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?”

இல்லை. தமிழும் ஜெர்மனும் ஒரே வழியில் போவதால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. வாங்குபவரைச் சாதாரணச் செயப்படுபொருளாக வைத்துக்கொண்டு, கொடுக்கப்படும் பொருளுக்குத் தனி உருபு போடுகிற மொழிகளும் இருக்கின்றன. இரண்டையும் வேறுபாடில்லாமல் விட்டுவிடுகிற மொழிகளும் இருக்கின்றன. வேற்றுமைகளைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வருகிறேன். புது மொழி ஒன்றைக் கையில் எடுத்ததும் ‘இதில் நான்காம் வேற்றுமை எங்கே?’ என்று தேடத் தொடங்குவதுதான் பலரையும் குழப்பிவிடுகிறது. தேட வேண்டியது வேறு.

முதலில் ஒரே ஒரு செயப்படுபொருள் வரும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பார்’ போதும். பார்க்கப்பட்டவருக்கு அந்த மொழி என்ன அடையாளம் தருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘கொடு’ என்ற வினைக்கு வாருங்கள். இங்கே வாங்குபவர் ஒருவர், கொடுக்கப்படும் பொருள் ஒன்று என இரண்டு பேர் நிற்கிறார்கள். இவர்களில் யார் ‘பார்’ வினையின் செயப்படுபொருளைப் போலவே நடத்தப்படுகிறார், யார் வேறு மாதிரி நடத்தப்படுகிறார் என்பதுதான் கேள்வி. தமிழில் ‘அவளைப் பார்த்தேன்’, ‘புத்தகத்தைப் பார்த்தேன்’. கொடுக்கும்போது ‘அவளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்’. பார்க்கும்போது வந்த ‘ஐ’ புத்தகத்தின்மேல் ஏறிக்கொண்டது, வாங்குபவருக்குத் தனியாக ‘கு’ வந்தது. ஆக, தமிழில் பொருள்தான் உண்மையான செயப்படுபொருளின் இடத்தில் இருக்கிறது. ஜெர்மனும் அப்படியே.

சோதிக்கும்போது புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள் என்று சொல்வேன். தமிழில் ‘அவளுக்குப் புத்தகம் கொடுத்தேன்’ என்றும் சொல்லலாம் அல்லவா? அஃறிணைப் பொருள், அதுவும் குறிப்பிட்ட ஒன்றாக இல்லாதது, ‘ஐ’ இல்லாமலே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘தமிழில் பொருளுக்கு உருபு இல்லை’ என்று எழுதிவிட்டால் தவறு. கொடுக்கப்படுவது ஆளாக இருக்கட்டும். ‘குழந்தையை அவளிடம் கொடுத்தேன்.’ இப்போது ‘ஐ’ கட்டாயம் வந்தே தீரும். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: வாங்குபவருக்கு ‘கு’ போகாமல் ‘இடம்’ வந்துவிட்டது. இது தற்செயல் இல்லை. ‘பெண்ணை அவனுக்குக் கொடுத்தார்கள்’ என்றால் கல்யாணம். ‘பெண்ணை அவனிடம் கொடுத்தார்கள்’ என்றால் கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுத்தது. ‘கு’ வந்தால் கொடுத்தது அவருக்கே ஆகிறது. ‘இடம்’ வந்தால் கை மட்டும் மாறுகிறது.

இந்த வேறுபாடு சமஸ்கிருத இலக்கணத்தில் வெகு காலத்துக்கு முன்பே பேசப்பட்டது. செயப்படுபொருளைக் கொண்டு ஒருவன் யாரை நாடுகிறானோ அவர் சம்பிரதானம் என்று பாணினி வரையறுக்கிறார் (1.4.32). சம்பிரதானத்துக்கு நான்காம் வேற்றுமை. அப்படியென்றால் வெளுக்கத் துணி கொடுக்கும்போது சலவைக்காரரும் சம்பிரதானமா என்ற கேள்வி மரபில் எழுந்தது. துணி அவருக்குச் சொந்தமாகப் போவதில்லை, திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே நான்காம் வேற்றுமை வராது, ஆறாம் வேற்றுமைதான் என்பது ஒரு தரப்பு. ஆனால் பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் ஆசிரியர் மாணவனுக்குக் கன்னத்தில் ஓர் அறை கொடுப்பது நான்காம் வேற்றுமையில்தான் வருகிறது. அறையை யாரும் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. அதனால் சொந்தம் என்பது கட்டாய நிபந்தனை இல்லை என்று மறுதரப்பு வாதிட்டது. தமிழ் இதில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சலவைக்காரரிடம் துணியைக் கொடுக்கிறோம், ஆனால் அவனுக்கு ஓர் அறை கொடுக்கிறோம். இரண்டு தரப்பும் காட்டிய வேறுபாட்டை நாம் யோசிக்காமலே தினமும் செய்கிறோம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ‘கு’ என்பது வாங்குபவருக்கென்றே செய்த முத்திரை இல்லை. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று அடுக்குகிறது. ‘மதுரைக்குப் போனேன்’ என்பதிலும் அதே ‘கு’ தான். தமிழ் கொடுத்தலை ஒரு பயணமாகப் பார்க்கிறது: பொருள் நகர்கிறது, வாங்குபவர் அது போய்ச் சேரும் இடம். நகர்த்தப்படுவது பொருள் என்பதால் அதற்கு ‘ஐ’. கொடுத்தலை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அதற்கு நான் எப்போதும் காட்டுவது கிரீன்லாந்து. அந்த மொழியை இலக்கண நூல்கள் வழியாகத்தான் அறிவேன், பேசத் தெரியாது. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் மொழியியலில் நன்கு அலசப்பட்டவை.

மேற்குக் கிரீன்லாந்தில் பேசப்படும் கலாலிசூட் மொழியில் ‘அவன் நீசிக்குப் பணம் கொடுத்தான்’ என்று சொல்ல ‘நீசி அனிங்காசனிக் துனிவா’ என்பார்கள். நீசி ஓர் ஆளின் பெயர். அதில் எந்த உருபும் இல்லை. உருபில்லாமல் இருப்பதுதான் அந்த மொழியில் செயப்படுபொருளின் அடையாளம்; ‘நீசியைப் பார்த்தான்’ என்றாலும் நீசி இப்படியேதான் நிற்பார். பணத்துக்குத்தான் உருபு வந்திருக்கிறது, கடைசியில் இருக்கும் ‘னிக்’. அது கருவி வேற்றுமையின் பன்மை உருபு. ‘கத்தியால் வெட்டினான்’ என்பதில் கத்திக்கு வருவது இதே வேற்றுமைதான். நம் கணக்கில் மூன்றாம் வேற்றுமை. அதாவது ‘அவன் நீசியைப் பணத்தால் கொடுத்தான்’ என்பது போன்ற அமைப்பு. தமிழில் இது பிழை. அங்கே இதுதான் சரி.

உருபு மட்டும் இல்லை, வினையும் இதையே சொல்கிறது. அந்த மொழியில் வினைமுற்று எழுவாயோடு மட்டுமல்ல, செயப்படுபொருளோடும் ஒத்துப்போகும். ‘துனிவா’வின் இறுதியில் இருக்கும் ‘வா’ என்பது ‘ஒருவர் ஒருவரை’ என்று காட்டுகிறது. பணம் என்ற சொல் அங்கே பன்மை வடிவில் இருக்கிறது, நீசி ஒருமை. வினை ஒருமையைக் காட்டுவதால் அது நீசியைத்தான் பார்த்துப் பேசுகிறது. இதே செய்தியை வேறொரு வினையாலும் சொல்லலாம்: ‘அனிங்காசத் நீசிமுத் துன்னியுப்பாய்.’ இப்போது பணம் உருபில்லாமல் நிற்கிறது, நீசிக்கு ‘முத்’ வந்துவிட்டது. ‘முத்’ என்பது ‘மதுரைக்கு’ என்பதில் வரும் ‘கு’ போல, போய்ச்சேரும் இடத்தைக் காட்டும் உருபு. வினையின் ஈறும் ‘பாய்’ என்று மாறி ‘ஒருவர் பலவற்றை’ என்கிறது. நீசி ஒருவர்தானே, ஆகவே அந்தப் பன்மை பணத்தைக் குறிக்கிறது. ஒரே மொழிக்குள்ளே இரண்டு பார்வையும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கிறது. முதல் வாக்கியம் நீசிக்கு என்ன நேர்ந்தது என்று பேசுகிறது. இரண்டாவது, பணம் எங்கே போனது என்று பேசுகிறது.

இது தொலைதூர மொழிகளில் மட்டும் உள்ள விந்தை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் படிக்கும் ஜெர்மனிலேயே இருக்கிறது. ‘ஷெங்கென்’ என்றால் பரிசாகக் கொடுத்தல். ஆளுக்கு டேட்டிவ், பொருளுக்கு நம் ‘ஐ’ போன்ற அக்கூசாட்டிவ். அதே வினைக்கு முன்னால் ‘பெ’ சேர்த்து ‘பெஷெங்கென்’ ஆக்கினால் ஆள் அக்கூசாட்டிவுக்கு வந்துவிடுவார், பொருளுக்கு ‘மிட்’ வந்துவிடும். ‘மிட்’ என்பது கருவிக்கும் வரும் சொல். கிரீன்லாந்துக் கணக்குதான் இது. லத்தீனில் ‘தோனாரே’ என்ற வினை முன்னொட்டு எதுவும் இல்லாமலே இரண்டு பக்கமும் போகும்: ஆளுக்கு டேட்டிவ், பொருளுக்கு அக்கூசாட்டிவ் என்றும் வரலாம், ஆளுக்கு அக்கூசாட்டிவ், பொருளுக்குக் கருவிக்கும் வரும் அப்லேட்டிவ் என்றும் வரலாம். ஜெர்மனில் எந்த வினை எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றிப் பாருங்கள். ‘ஷெங்கென்’ வாக்கியத்தை மாற்றினால் புத்தகம்தான் எழுவாய் ஆகும், ஆள் டேட்டிவிலேயே நின்றுவிடுவார். ‘பெஷெங்கென்’ வாக்கியத்தை மாற்றினால் ஆள் எழுவாய் ஆகிவிடுவார். ‘லேரன்’, அதாவது கற்பித்தல், இரண்டிலும் சேராதது; கற்பவருக்கும் பாடத்துக்கும் இரண்டுக்குமே அக்கூசாட்டிவ் போடச் சொல்லித்தான் இலக்கண நூல்கள் கற்பிக்கின்றன.

சரி, பெயரில் உருபே இல்லாத மொழிகள். சுவாஹிலியை எடுத்துக்கொள்வோம். அங்கே ‘ஜுமா’ என்ற ஆள்பெயரும் ‘கிதாபு’ என்ற புத்தகமும் எந்த வாக்கியத்திலும் மாறாது. ஆனால் வினைக்குள்ளே செயப்படுபொருளைக் குறிக்கும் ஓர் அசை வரும். ‘நி-லி-ம்வ்-ஓனா ஜுமா’: நான், இறந்தகாலம், அவனை, பார். ‘நி-லி-கி-ஓனா கிதாபு’: நான், இறந்தகாலம், அதை, பார். ஆளுக்கு ‘ம்’, அது உயிரெழுத்துக்கு முன் ‘ம்வ்’ ஆகும்; புத்தக வகைப் பெயர்களுக்கு ‘கி’. இப்போது கொடுத்துப் பார்ப்போம். ‘நி-லி-ம்-பா ஜுமா கிதாபு.’ வினைக்குள் வந்திருப்பது ‘ம்’. ஆகவே செயப்படுபொருளின் இடத்தைப் பிடித்தவர் ஜுமா. புத்தகம் வெளியே சும்மா நிற்கிறது. ‘நி-லி-கி-பா’ என்று சொல்லிவிட்டால், ‘கி’ வகையில் சேர்ந்த ஏதோ ஒன்றுக்கு, ஒரு குழுவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் எதையோ கொடுத்தேன் என்று ஆகிவிடும். செயப்பாட்டுவினையும் இதையே உறுதிப்படுத்துகிறது: ‘ஜுமா அலிபேவா கிதாபு’, அதாவது ஜுமா புத்தகம் கொடுக்கப்பட்டான். எழுவாய் ஆவது ஜுமாதான்.

உருபு இல்லாவிட்டால் தேடும் இடங்கள் இவைதான்: வினைக்குள் வரும் அசை, செயப்பாட்டுவினையில் எழுவாய் ஆகிறவர், சொற்கள் நிற்கும் வரிசை. இவை எப்போதும் ஒரே விடையைத் தரும் என்று நம்பிவிடக் கூடாது. சுவாஹிலிக்கு உறவான கின்யருவாண்டாவில் இரண்டு செயப்படுபொருளுமே எழுவாய் ஆக முடியும், இரண்டுக்குமே வினைக்குள் அசை வர முடியும். அங்கே யார் முதன்மை என்ற கேள்விக்கே பெரிய பொருள் இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்று இந்தியிலேயே இருக்கிறது. ‘மைன்னே ராம் கோ தேகா’ என்றால் ராமைப் பார்த்தேன். ‘மைன்னே ராம் கோ கிதாப் தீ’ என்றால் ராமுக்குப் புத்தகம் கொடுத்தேன். இரண்டிலும் அதே ‘கோ’. நான் முதலில் சொன்ன சோதனையை அப்படியே வைத்தால், வாங்குபவர் செயப்படுபொருளைப் போல நடத்தப்படுகிறார், இந்தி கிரீன்லாந்துப் பக்கம் என்று விடை வரும். ஆனால் வினையைப் பாருங்கள். ராம் ஆண்பால், கிதாப் பெண்பால், வினை ‘தீ’ என்று பெண்பாலில் இருக்கிறது. புத்தகத்துக்குப் பதில் ஆண்பாலான செய்தித்தாளைக் கொடுத்தால், ‘அக்பார் தியா’ என்று வினையும் மாறும். ஆக வினை பொருளோடு ஒத்துப்போகிறது, தமிழ்ப் பக்கம் சாய்கிறது. குழந்தையைத் தாயிடம் கொடுத்தால் இரண்டு பேருமே ஆட்கள், இரண்டுக்கும் ‘கோ’ வர வேண்டும். இயல்பான பேச்சில் குழந்தை ‘கோ’வை விட்டுவிடும், தாய் விடமாட்டார்: ‘மைன்னே பச்சா மா கோ தியா.’ வாங்குபவரின் ‘கோ’ கட்டாயமானது, செயப்படுபொருளின் ‘கோ’ சூழலுக்கேற்ப வந்துபோவது என்பது இதில் தெரிகிறது. அதனால் வடிவம் ஒன்றானாலும் வேலை இரண்டு என்றே நான் கருதுகிறேன். ஒரே உருபு, ஒரே வேற்றுமை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நல்ல காரணங்கள் உண்டு. தமிழில் ‘ஐ’யும் ‘கு’வும் வடிவிலேயே வேறுபடுவதால் இந்தச் சிக்கல் நமக்கு வரவில்லை.

எந்த வழி அதிகம் என்று கேட்டால், தமிழ் வழிதான். மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மத் உலக மொழிகளின் அமைப்பு வரைபடத்துக்காக 378 மொழிகளில் ‘கொடு’ வினையை ஒப்பிட்டார். ஏறக்குறைய பாதி மொழிகளில் வாங்குபவருக்குத்தான் தனி அடையாளம். மீதியில் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துபவை, பொருளுக்குத் தனி அடையாளம் தருபவை, கலந்து வைத்திருப்பவை எல்லாம் அடக்கம். இந்த எண்ணை எடுத்துக்கொள்ளும்போது ஒன்றை மறக்காதீர்கள். அவர் பார்த்தது ‘கொடு’ என்ற ஒரே வினையை. அதே மொழியில் ‘கற்பி’, ‘கேள்’, ‘காட்டு’ வேறு பக்கம் போகலாம். தமிழிலேயே ‘அவளுக்குக் கேள்வி கேட்டேன்’ என்று சொல்ல மாட்டோம். ‘அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்’ அல்லது ‘அவளை ஒரு கேள்வி கேட்டேன்’ என்போம். இரண்டாவது வாக்கியத்தில் ஆள்தான் ‘ஐ’ எடுத்திருக்கிறார், கேள்வி சும்மா நிற்கிறது. எனவே ‘தமிழ் இந்த வகை’ என்று சொல்வதைவிட ‘தமிழில் கொடு இந்த வகை’ என்று சொல்வது சரியாக இருக்கும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். ‘ஐ சா ஹெர்’, ‘ஐ கேவ் ஹெர் எ புக்’: இரண்டிலும் அதே ‘ஹெர்’. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஷி’ என்ற எழுவாய் வடிவமும் ‘ஹெர்’ என்ற செயப்படுபொருள் வடிவமும்தான் இருக்கின்றன. டேட்டிவ் என்று தனியாகக் காட்ட எதுவும் இல்லை, அதனால் அதை டேட்டிவ் என்று பெயரிட ஆதாரம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே ‘அவனை’க்கு ‘ஹினே’, ‘அவனுக்கு’க்கு ‘ஹிம்’ என்று இரண்டு வடிவம். பின்னால் இரண்டும் கலந்தபோது பிழைத்தது டேட்டிவ் வடிவம்தான். ‘ஹெர்’ரும் அப்படி வந்ததே. இன்று ‘ஐ சா ஹிம்’ என்பவர் உண்மையில் பழைய நான்காம் வேற்றுமை வடிவத்தைத்தான் இரண்டாம் வேற்றுமை வேலைக்குப் பயன்படுத்துகிறார்.

வடிவம் கலந்ததும் நடத்தையும் மாறியது. ‘ஷி வாஸ் கிவன் எ புக்’ என்று இன்று வாங்குபவர் தாராளமாக எழுவாய் ஆகிறார். ஜெர்மனில் இது முடியாது என்று மேலே பார்த்தோம், பழைய ஆங்கிலத்திலும் முடியாது. ‘டு’ போட்டுச் சொன்னால் மறுபடியும் பயணப் பார்வை திரும்பிவிடும். ‘டொனேட்’ போன்ற வினைகளுக்குப் பெரும்பாலோர் பேச்சில் ‘டு’ வழி மட்டும்தான் திறந்திருக்கிறது. ‘டு’ இல்லாதபோது வேலை செய்வது வரிசை: வினைக்கு அடுத்து வாங்குபவர், அதற்கடுத்துப் பொருள். பாடநூல்கள் ‘ஹெர்’ரை மறைமுகச் செயப்படுபொருள் என்று சொல்வது இந்த இடத்துக்கு வைத்த பெயர், வேற்றுமையின் பெயர் இல்லை. அந்த வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் வடக்கில் ‘கிவ் இட் மீ’ என்று பொருளை முன்னால் வைத்துப் பேசுபவர்கள் இன்றும் உண்டு. இரண்டுமே சிறு பிரதிப்பெயர்களாக இருக்கும்போதுதான் அது அதிகம் கேட்கும்.